பிரிவு வருமானங்களைக் கூட்டினால் மொத்தத்தைத் தாண்டுகிறது

"ஐடிசி முதலீட்டாளர் விளக்கக்காட்சியில் ஒவ்வொரு பிரிவின் வருமானத்தையும் கூட்டினேன். நிறுவனத்தின் மொத்த வருமானத்தை விட அதிகமாக வருகிறது. எங்கே தப்பு?"

உங்கள் கூட்டலில் தப்பில்லை. பிரிவுகள் தங்களுக்குள் விற்றுக்கொள்வதும் அந்த எண்களில் சேர்ந்திருக்கிறது.

ஐடிசியின் வேளாண் பிரிவு சிகரெட் பிரிவுக்குப் புகையிலை இலை தருகிறது, காகிதப் பிரிவு பெட்டி அட்டை தருகிறது. உதாரணத்துக்கு, வேளாண் பிரிவு 100 ரூபாய்க்கு விற்று, அதில் 40 சிகரெட் பிரிவுக்கே போனால், வெளியிலிருந்து வந்தது 60 தான். இந்த 40 தான் உங்கள் கூட்டலில் மிகுதியாக நிற்கிறது.

சரிபார்க்க, அதே காலாண்டு முடிவுகளில் பிரிவுவாரி அட்டவணையைத் திறங்கள். கீழே Inter-segment revenue என்று கழிக்கும் வரி இருக்கும். வித்தியாசம் அதற்குச் சமமா பாருங்கள். பொருந்தாவிட்டால் தனி நிறுவனக் கணக்கையும் ஒருங்கிணைந்த கணக்கையும் கலந்திருக்கலாம். ஸ்லைடின் அடிக்குறிப்பில் எது என்று இருக்கும்.

அப்புறம், எந்தத் தொழில் சம்பாதிக்கிறது என்று அறிய வருமானத்தை விட்டுவிட்டுப் பிரிவு லாபத்தைப் பாருங்கள். வேளாண் பிரிவின் விற்பனை பெரிது, லாப விகிதம் சிறிது. சிகரெட் பிரிவில் லாப விகிதமும் பெரிது.

ஒரு எச்சரிக்கை: ஹோட்டல் தொழில் 2025 ஜனவரி 1 முதல் தனி நிறுவனமாகிவிட்டது. பழைய ஸ்லைடுகளோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள்.