ரஷ்ய வாடகை விளம்பரத்தில் அறைகளை எண்ணுவது எப்படி? மொழிபெயர்ப்பாளர்களுக்கான கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ரஷ்ய வாடகை விளம்பரங்களை ஆங்கிலத்தில் தருவதைப் பற்றியவை. ஒவ்வொருவரும் அனுப்பிய விளம்பரத்தை அப்படியே வெளியிடாமல், அவற்றின் சாயலில் நானே அமைத்த மாதிரி ஒன்றை வைத்துப் பதில் தருகிறேன்.

```
Сдам 2-к. кв., 44/28/6 м², 4/5 эт., кирп.,
комн. смежн., с/у совм., балк.,
м. Автово 10 м.п., 45 т.р. + КУ, залог, б/п
```

கேள்வி: 2-к. кв. என்பதை "டூ பெட்ரூம்" என்று மொழிபெயர்த்தேன். வாடகைக்குப் போனவர், வீட்டில் ஒரு படுக்கையறைதான் இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். பிழை யாருடையது?

பிழை மொழிபெயர்ப்பில்தான் இருக்கிறது. இந்தச் சுருக்கத்தின் முழு வடிவம் "двухкомнатная квартира", அதாவது இரண்டு அறைகள் கொண்ட குடியிருப்பு. ரஷ்யர்கள் எண்ணுவது படுக்கையறைகளை அல்ல, மனிதர்கள் வசிக்கும் அறைகள் எல்லாவற்றையும். ஆகவே கூடமும் ஓர் அறையாகக் கணக்கில் சேரும். சமையலறை, குளியலறை, நடை ஆகியவை சேரா. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கூடத்தையும் சமையலறையையும் தனித்தனியே குறிப்பிடும் "ஒன் பிஎச்கே" வீடுதான் அங்கே இரண்டு அறை வீடு; நம்முடைய "டூ பிஎச்கே" அங்கே மூன்று அறை வீடு. எண்ணில் ஒன்றைக் கழித்தால் ஆங்கிலப் படுக்கையறைக் கணக்கு கிடைத்துவிடும் என்பது பெரும்பாலும் பொருந்தும் விதி.

ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாகாது. ஐந்து மாடிப் பழைய கட்டடங்களில் பெற்றோர் கூடத்தின் மடிப்புச் சோபாவில் உறங்க, பிள்ளைகள் மற்ற அறையைப் பயன்படுத்துவது வழக்கமாக இருந்தது. இரண்டு நண்பர்கள் சேர்ந்து குடியேறினால், இரண்டு அறைகளுமே படுக்கையறைகளாகிவிடும். எனவே "இரண்டு அறைகளும் தனிச் சமையலறையும் கொண்ட குடியிருப்பு" என்று முதலில் உள்ளதை உள்ளபடி எழுதி, அடுத்து "வழக்கமான பயன்பாட்டில் ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும்" என்று விளக்குவதையே நான் விரும்புகிறேன். வெறும் "ஒன் பெட்ரூம்" என்று சுருக்கினால், இருவர் பகிர்ந்து வாழக்கூடிய வீடு என்ற செய்தி மறைந்துபோகிறது.

கேள்வி: комн. смежн. என்றால் என்ன? வேறொரு விளம்பரத்தில் 28 என்பதற்குப் பதில் 17+11 என்றிருந்தது. அதைக் கூட்டி எழுதிவிடலாமா?

கூட்டினால் ஒரு செய்தியைத் தொலைத்துவிடுவீர்கள். смежные என்றால் ஒன்றின் வழியாக மற்றொன்றுக்குப் போக வேண்டிய அறைகள்; изолированные (சுருக்கமாக изол.) என்றால் ஒவ்வொன்றுக்கும் நடையிலிருந்து தனிக் கதவு உள்ள அறைகள். பல முகவர்கள் இந்த வேறுபாட்டைக் குறியாலேயே காட்டுகிறார்கள்: 17+11 எனக் கூட்டல் குறி இட்டால் இணைந்த அறைகள், 17-11 எனச் சிறுகோடு இட்டால் தனித்தனி அறைகள். கழித்தல் என்று எண்ணி ஆறு சதுர மீட்டர் வீட்டைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. இவ்வழக்கத்தை எல்லோரும் பிடிப்புடன் பின்பற்றுவதில்லை. குறி மட்டுமே இருந்து சொல் இல்லாதபோது, தளவரைபடத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுவதே நல்லது. நம் மாதிரியில் சொல்லே இருப்பதால், "கூடத்தின் வழியாகவே படுக்கையறைக்குச் செல்ல வேண்டும்" என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். இருவர் பகிர்ந்துகொள்ள இந்த வீடு ஏன் பொருந்தாது என்பது வாசிப்பவருக்கு அப்போதே புரிந்துவிடும்.

கேள்வி: சாய்கோடிட்ட எண்களில் எது எதைக் குறிக்கிறது?

44/28/6 என்பதில் முதலாவது மொத்தப் பரப்பு, இரண்டாவது வசிக்கும் அறைகளின் பரப்பு, மூன்றாவது சமையலறை. 28-உடன் 6-ஐக் கூட்டினால் 34. மிச்சமுள்ள 10 சதுர மீட்டர் நடைக்கும் குளியலறைக்கும் சாமான் அறைக்கும் உரியது. பால்கனி இந்த 44-இல் இல்லை. ரஷ்ய வீட்டுவசதிச் சட்டத் தொகுப்பின் 15-ஆம் பிரிவு அதை மொத்தப் பரப்பில் சேர்ப்பதில்லை. நடுவெண்ணை "லிவிங் ரூம்" என்று எழுதுவது அடிக்கடி நேரும் தவறு: 28 சதுர மீட்டரில் கூடம் என்று நம்பி வருபவர், அந்த 28-க்குள்ளேயே படுக்கையறையும் அடங்கியிருப்பதைப் பார்ப்பார்.

4/5 эт. என்பது ஐந்து தளக் கட்டடத்தின் நான்காம் தளம். ரஷ்யாவில் தரைத்தளமே முதல் தளம். அமெரிக்க வாசகருக்கு நான்கை அப்படியே விடலாம். பிரிட்டன் வாசகருக்கு மூன்று என மாற்ற வேண்டும். யாருக்காக எழுதுகிறீர்கள் என்று தெரியாவிட்டால், "தரைத்தளத்தை ஒன்றாக எண்ணினால் நான்காவது" என்று சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: студия, однушка, евродвушка ஆகிய மூன்றும் ஒரே வகை வீடுகளா?

இல்லை. студия-வில் சமையலிடம் அறையோடு சேர்ந்தே இருக்கும். ஆங்கில "ஸ்டுடியோ" அதற்குப் பொருந்தும். однушка என்பது ஒரே அறை வீடுதான், ஆனால் சமையலறை சுவரும் கதவுமாகத் தனியே நிற்கும். அதை "ஸ்டுடியோ" என்றால் வீட்டைக் குறைத்துச் சொன்னதாகும், "ஒன் பெட்ரூம்" என்றால் இல்லாத கூடத்தைச் சேர்த்ததாகும். ஆங்கிலத்தில் இதற்கு நேரான ஒற்றைச் சொல் இல்லாததால், தனிச் சமையலறையுள்ள ஓர் அறைக் குடியிருப்பு என்று விரித்தே எழுதுகிறேன்.

евродвушка-வில் பெரிய சமையலறையே கூடமாகவும் இருக்கும், அதனுடன் ஒரு படுக்கையறை. விற்பவர் சமையற்கூடத்தையும் ஓர் அறையாக எண்ணி இரண்டு என்கிறார். விளம்பரத்தில் евро என்ற முன்னொட்டு விடுபட்டிருந்தாலும் எண்கள் காட்டிக்கொடுக்கும். இரண்டு அறை என்று சொல்லிவிட்டு 40/13/17 எனக் கொடுத்திருந்தால், வசிக்கும் பரப்பு 13-இல் ஓர் அறைதான் அடங்கும், 17 சதுர மீட்டர் சமையலறையே அந்த இரண்டாவது அறை.

கேள்வி: 10 м.п. என்பது பத்து மீட்டரா? மற்ற சுருக்கங்களையும் சொல்லுங்கள்.

முன்னால் உள்ள м. மெட்ரோவைக் குறிக்கிறது, இங்கே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் அவ்தோவோ நிலையம். м.п. என்பது "минут пешком", நடந்து போனால் பத்து நிமிடம். அதே இடத்தில் м.т. வந்தால் வண்டியில் பத்து நிமிடம். ஓரெழுத்து மாற்றத்தில் தூரம் பல மடங்காகிவிடும். т.р. ஆயிரம் ரூபிள், ஆகவே மாத வாடகை 45,000. + КУ என்பதால் தண்ணீர், வெப்பமூட்டல் உள்ளிட்ட பயன்பாட்டுக் கட்டணங்கள் அதற்கு மேல். залог திருப்பித் தரப்படும் முன்பணம். б/п இடைத்தரகர் இல்லை என்பது. с/у совм. என்றால் கழிப்பறையும் குளியலறையும் ஒரே அறையில். с/у разд. என்றால் இரண்டும் தனித்தனி அறைகளில். இதை "இரண்டு பாத்ரூம்" என எழுதியதை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். உண்மையிலேயே இரண்டு இருந்தால் விளம்பரம் 2 с/у என்றே சொல்லும்.

கேள்வி: முகவரியில் д. 5, к. 2 என்று வருகிறது. இரண்டு அறைகள் என்று கொள்ளலாமா?

கூடாது. முகவரியில் வரும் к. என்பது корпус, அதாவது ஒரே கதவிலக்கத்தின் கீழ் வரும் பல கட்டடங்களில் இரண்டாவது. அறை எண்ணிக்கையில் எண் முன்னால் வரும், முகவரியில் எண் பின்னால் வரும். முகவரியை மொழிபெயர்க்காமல் ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்துக் கொடுங்கள். வாடகை வண்டி ஓட்டுநரிடம் காட்ட மூல ரஷ்ய வரியையும் அருகிலேயே விட்டுவையுங்கள்.