காதலர்தான் டீம் லீட்: மேலாளரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது?

“சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வயது 27. என் டீம் லீடும் நானும் கடந்த ஜூன் மாதத்திலிருந்து காதலிக்கிறோம். இரண்டு வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை. என் சித்தப்பா மகன் இதே வளாகத்தில் வேறொரு நிறுவனத்தில் இருக்கிறார். மார்ச்சில் அப்ரைசல் வருகிறது. ‘கல்யாணம் நிச்சயமானதும் ஆபீசில் சொல்லிக்கொள்ளலாம்’ என்கிறார் என் காதலர். மேலாளரிடம் சொல்லத்தான் வேண்டுமா? எப்படிச் சொல்வது?”
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

சொல்ல வேண்டும், அதுவும் மார்ச்சுக்கு முன்பே. முதலில் வாய் திறக்க வேண்டியவர் அவர். உங்கள் மதிப்பெண்ணைப் போடுகிறவரும், விடுப்பை அனுமதிக்கிறவரும், வெளிநாட்டுப் பணிக்கு உங்கள் பெயரைப் பரிந்துரைக்கக்கூடியவரும் அவர்தான். அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சொல்லும் கடமையும் இருக்கிறது.

இந்தியாவில் தனியார் நிறுவன ஊழியர்கள் இருவர் காதலிப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. உங்களைக் கட்டுப்படுத்துவது நிறுவனத்தின் நடத்தை விதிகள். அவற்றில் ‘காதல்’ என்ற சொல்லைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ‘நலன் முரண்’ என்ற தலைப்பின் கீழ் பாருங்கள். உறவினரையோ நெருங்கிய தனிப்பட்ட உறவில் இருப்பவரையோ ஒருவர் நேரடியாக மேற்பார்வை செய்யக் கூடாது, அப்படி ஒரு நிலை வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு பத்தி இருக்கும். நீங்கள் இருவரும் வெவ்வேறு குழுவில் இருந்திருந்தால், பல நிறுவனங்களில் சொல்ல வேண்டிய அவசியமே எழாது. உங்கள் விஷயத்தில் சிக்கல், ஒருவர் மற்றவருக்குக் கீழ் வேலை செய்வதில்தான் இருக்கிறது.

நிச்சயதார்த்தம்வரை காத்திருக்கலாம் என்ற அவருடைய யோசனை நல்லெண்ணத்தில் வந்ததாகவே இருக்கட்டும். ஆனால் விசாரணை என்று ஒன்று வந்தால், நிறுவனம் எடுத்துவைத்துப் பார்ப்பவை இரண்டு தேதிகள்: உறவு தொடங்கிய தேதி, தெரிவிக்கப்பட்ட தேதி. இவற்றுக்கு நடுவே உங்களைப் பற்றி அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் சந்தேகத்துக்குள் வந்துவிடும். 2025 செப்டம்பரில் நெஸ்லே நிறுவனம் தன் தலைமைச் செயல் அதிகாரி லாரன்ட் ஃப்ரெய்க்ஸைப் பதவி நீக்கியபோது, தனக்கு நேரடியாகக் கீழ் பணிபுரிந்த ஒருவருடன் இருந்த காதலை அவர் தெரிவிக்கவில்லை என்பதையே காரணமாக அறிவித்தது.

மனிதவளத் துறையில் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு டீம் லீடும் அவர் குழுவில் இருந்த சோதனைப் பொறியாளரும் ஓராண்டுக்கும் மேல் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் உண்மையிலேயே திறமைசாலி. அந்த ஆண்டு அவருக்கு உயர்ந்த மதிப்பீடு கிடைத்தது. இரண்டே வாரங்களில் பெயரில்லாத புகார் ஒன்று வந்தது. மதிப்பெண் போட்டது யார், வார இறுதி வேலைக்கான கூடுதல் படிக்கு ஒப்புதல் தந்தது யார், பயிற்சிக்கு அனுப்பியது யார் என்று நாங்கள் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே பெயர்தான் பதிலாக வந்தது. மதிப்பீடு ரத்தானது, பதவி உயர்வு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. அந்தப் பெண் நியாயமாகச் சம்பாதித்ததை நியாயமானது என்று நிரூபிக்க எங்களிடம் எதுவும் மிஞ்சவில்லை. வேறொருவர் மதிப்பிட்டிருந்தால் அந்தப் பதவி உயர்வு அவர் கையில் இருந்திருக்கும். அந்தக் கோப்பை மூடிய நாள் இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் ஜூன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரலில் ஆண்டு தொடங்கும் நிறுவனங்களில் பெரும்பாலும் அக்டோபர் வாக்கில் அரையாண்டு மதிப்பாய்வு நடக்கும். உங்கள் அலுவலகத்திலும் அப்படி நடந்து, அதை அவரே செய்திருந்தால், அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். உறவு ஜனவரியில் தொடங்கியதாகத் தேதியை மாற்றிச் சொல்லலாமா என்று யோசிக்கிறார்கள். வேண்டாம். தாமதம் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கையோடு முடிந்துவிடும். பொய் சொன்னது பின்னால் தெரிந்தால் வேலையே போகலாம்.

யாரிடம் சொல்வது? அவர் தன் மேலாளரைத் தனியாகச் சந்தித்துச் சொல்லட்டும். அந்த மேலாளர் வாய் நிற்காதவர் என்றால் நேராக மனிதவளத் துறைக்குப் போகட்டும். பத்து நிமிடம் போதும். அன்று மாலைக்குள், பேசியதை உறுதிசெய்து ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், ஏனென்றால் வாய்மொழியாகச் சொன்னதற்குத் தேதி கிடையாது. அதை அலுவலக ஆங்கிலத்தில் அவர் எழுதிக்கொள்ளலாம், சாரம் இவ்வளவுதான்:

“என் குழுவில் பணிபுரியும் இன்னாரும் நானும் கடந்த ஜூன் முதல் இருவர் விருப்பத்தின்பேரில் தனிப்பட்ட உறவில் இருக்கிறோம். அவருடைய அக்டோபர் மதிப்பாய்வை நான் செய்தேன். அதை வேறொருவர் மறுபடி பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இனி அவருடைய மதிப்பீடு, விடுப்பு, பணி ஒதுக்கீடு எதிலும் நான் முடிவெடுக்க மாட்டேன். எங்கள் குடும்பங்களுக்கு இது இன்னும் தெரியாது. அவசியமானவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்திருக்க வேண்டுகிறேன்.”

இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். எப்படிப் பழகினீர்கள், திருமணம் எப்போது, என்ன சாதி, வீட்டில் ஒப்புக்கொள்வார்களா என்பதெல்லாம் நிறுவனத்துக்குத் தேவையில்லாதவை. நம் ஊர் மேலாளர்கள் சிலர் அக்கறையோடே இவற்றைக் கேட்பார்கள், அறிவுரையும் சொல்வார்கள். “வேலையைப் பாதிக்கும் விஷயம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் சார், மற்றது எங்கள் வீட்டு விஷயம்” என்று மரியாதையாக நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து மனிதவளத் துறை உங்களையும் தனியே அழைத்துப் பேசும். அதை விசாரணை என்று எண்ணிப் பயப்படாதீர்கள். இந்த உறவு உங்கள் சுய விருப்பத்தில் நடக்கிறதா என்பதை உங்கள் வாயால் கேட்டுக்கொள்வதுதான் நோக்கம். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பணியில் சலுகை தருவதாகக் காட்டும் ஆசையையும், வேலைக்கு ஆபத்து என்ற மிரட்டலையும் துன்புறுத்தலோடு சேர்த்துப் பார்க்கிறது. மேலே இருப்பவரிடம் ‘முடியாது’ என்று சொல்ல முடிந்ததா என்று அவர்கள் கேட்பது உங்கள் பாதுகாப்புக்காகத்தான். உண்மையைச் சொல்லுங்கள்.

அந்தச் சந்திப்பில் நீங்கள் கேட்டுப் பெற வேண்டியது முக்கியமாக ஒன்று: குழு மாற வேண்டியவர் யார்? அனுபவத்தில் சொல்கிறேன், பேசாமல் இருந்தால் இளையவரைத்தான் மாற்றுவார்கள், பெரும்பாலும் பெண்ணை. டீம் லீடை நகர்த்தினால் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும், உங்களை நகர்த்துவது சுலபம் என்பது அவர்கள் கணக்கு. நான்கு ஆண்டுகள் நீங்கள் கற்றுவைத்த பணித்திட்ட அறிவு ஒரே நாளில் வீணாகிவிடும். “நான் இதே பணித்திட்டத்தில் தொடர விரும்புகிறேன், எனக்கு மட்டும் வேறு லீட் போதும், இல்லையென்றால் அவர் மாறிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்” என்று எழுத்தில் கொடுங்கள். இதை அவரும் தன் மேலாளரிடம் சொன்னால்தான் எடுபடும். ஆகவே மின்னஞ்சல் போவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் முதலில் பேசி முடிவுசெய்ய வேண்டியது இதுதான். அவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தைப் பற்றியும் நீங்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ரகசியம் முழுதாகக் காக்கப்படும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். யார் யாருக்குத் தெரியும் என்று பெயர்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமாக இரண்டு மூன்று பேருக்கு மேல் இருக்க வேண்டியதில்லை. ஆண்டு நடுவில் திடீரென்று ஒருவருக்கு மட்டும் குழு மாறினால் அன்று மதியமே உணவகத்தில் பேச்சு கிளம்பும். காலாண்டு முடிவில் பலருக்கும் பணித்திட்டம் மாறும்போது இந்த மாற்றத்தையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். அதுவரை உங்கள் விடுப்பையும் மதிப்பீட்டையும் வேறொரு லீட் பார்த்துக்கொள்ளட்டும். அவசரத் தொடர்புக்கு என்று அப்பாவின் எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். உடல்நல அவசரம் தவிர வேறு எதற்கும் அந்த எண்ணை அழைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

அன்றாடத்தில் கவனிக்க வேண்டியவை சொற்பம். அலுவலக மடிக்கணினியிலும் அலுவலக அரட்டைச் செயலியிலும் சொந்தப் பேச்சு ஒரு வரிகூட வேண்டாம். அங்கே நீங்கள் அழித்ததும் சர்வரில் இருக்கலாம், விசாரணையில் முதலில் எடுப்பதும் அதைத்தான். ஒரே நாளில் இருவரும் விடுப்பு எடுப்பதால் குற்றமில்லை, ஆனால் அவரே இரண்டையும் அனுமதித்ததாகப் பதிவு இருக்கக் கூடாது. கூட்டத்தில் அவர் சொல்வது தவறென்றால் முன்புபோலவே மறுத்துப் பேசுங்கள். திடீர் மௌனத்தைத்தான் சக ஊழியர்கள் முதலில் கவனிப்பார்கள். யாராவது நேரே கேட்டால் ‘அப்படியெல்லாம் ஒன்றுமில்லை’ என்று மறுத்துவிடாதீர்கள். “சொந்த விஷயங்களை ஆபீசில் பேசுவதில்லை” என்பது பொய்யும் அல்ல, ஒப்புதலும் அல்ல. வளாகத்தில் இருக்கும் உங்கள் சித்தப்பா மகனுக்கும் அந்தப் பதிலே போதும். ஆனால் உறவுக்காரர் ஒருவர் அதே கட்டடங்களுக்கு நடுவே நடமாடும்போது, வீட்டில் சொல்லும் நாளைக் காலவரையின்றித் தள்ளிப்போட முடியாது.

உறவு முறிந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். முறிந்ததையும் மனிதவளத் துறைக்கு ஒரு வரியில் தெரிவிக்க வேண்டும், அதன் பிறகும் அவர் உங்களை மதிப்பிடும் இடத்துக்குத் திரும்பக் கூடாது. வேண்டாம் என்று நீங்கள் சொன்ன பின்பும் செய்திகள் தொடர்ந்தால், முன்பு விருப்பத்தோடு பழகியது உங்கள் புகாரைத் தடுக்காது. பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம்வரை நீட்டிக்கலாம்.

இன்னொன்று: உங்கள் சுயமதிப்பீட்டுப் படிவம் பிப்ரவரியிலேயே திறந்துவிடலாம். அதை நீங்கள் நிரப்பி அனுப்பினால் அடுத்த நொடி அது அவருடைய திரையில் போய் நிற்கும். அந்தப் படிவத்தில் அவருடைய பெயர் மாறும்வரை ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தாதீர்கள்.