பை வரவில்லை, இரண்டு நிறுவனமும் கை விரிக்கிறது

கேள்வி: இரண்டு விமான நிறுவனங்களில் மாறிக் கொழும்புக்கு வந்தேன், பை வரவில்லை. ஆளுக்கு ஆள் மற்றவரைக் கேட்கச் சொல்கிறார்கள். யாரைப் பிடிப்பது?

உங்களைக் கடைசியாக இறக்கிவிட்ட நிறுவனத்தைப் பிடியுங்கள். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தது என்று வைத்துத்தான் சொல்கிறேன். தனித்தனியாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் அவரவர் பறப்புக்கு அவரவரே பொறுப்பு. நான் சட்டத்தரணி இல்லை, பட்டு அறிந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் ஒஸ்லோவில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு களுவாஞ்சிகுடிக்கு வந்தேன். வளைகுடா வரை ஒரு ஐரோப்பிய நிறுவனம், அங்கிருந்து வேறு நிறுவனம். பையை ஒஸ்லோவிலேயே கொழும்பு வரைக்கும் போட்டுவிட்டார்கள். கட்டுநாயக்காவில் பெல்ட் நின்றுவிட்டது, அம்மாவின் பை மட்டும் இல்லை.

கருமபீடத்தில் இருந்த தம்பி போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டியிருந்த டேக் துண்டைப் பார்த்தார். "இது எங்கட டேக் இல்லை அண்ணா, அவங்களிட்ட கேளுங்க" என்றார். அந்த எண்ணில் பத்து இலக்கம் இருக்கும். முதல் இலக்கத்தை விட்டால் அடுத்த மூன்றும் டேக் அடித்த நிறுவனத்தைக் காட்டும். பையைத் தொலைத்தது யார் என்று அது சொல்லாது. சர்வதேச விமானப் பயணத்தில் நிறுவனங்களின் பொறுப்பைச் சொல்லும் மொன்றியல் உடன்படிக்கையின் 36ஆம் உறுப்புரைப்படி, பை விஷயத்தில் முதல் நிறுவனத்தையும் கேட்கலாம், கடைசி நிறுவனத்தையும் கேட்கலாம், எந்தப் பறப்பில் தொலைந்ததோ அவர்களையும் கேட்கலாம். எல்லோரும் சேர்ந்தே பொறுப்பு. தங்களுக்குள் கணக்குத் தீர்ப்பது அவர்கள் பாடு.

முறைப்பாடு பதியாமல் போகமாட்டோம் என்று நின்றேன். கடைசியில் CMB என்று தொடங்கும் ஒரு குறிப்பு எண்ணோடு தாள் தந்தார்கள். அந்தத் தாள் இல்லாமல் வெளியே வந்துவிடாதீர்கள், பிறகு எதையும் நிரூபிப்பது கஷ்டம்.

அம்மாவின் பிரஷர் மாத்திரை அந்தப் பையில்தான் இருந்தது. மாத்திரையும் இரண்டு சேலையும் மட்டக்களப்பு டவுனில் வாங்கி, பில்லை வைத்துக்கொண்டோம். ஆறாம் நாள் பை வந்துவிட்டது, கட்டுநாயக்காவுக்கு வந்து எடுங்கள் என்றார்கள். எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் போய் எடுப்பதா? சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன்: எங்கள் மட்டக்களப்பு விமான நிலையத்துக்குச் சர்வதேசம் என்று பெயர் வைத்தவர்கள், ஒஸ்லோவிலிருந்து வருகிற வயதான மனுஷி இன்றும் கட்டுநாயக்காவில் இறங்கி இரவெல்லாம் குலுங்கி வருவதைப் பார்க்கவில்லையா? விடாமல் கேட்ட பிறகு வீட்டுக்கே அனுப்பினார்கள்.

பை கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். மின்னஞ்சலில் டேக் எண், குறிப்பு எண், பில் படங்கள் எல்லாம் வைத்து அனுப்பினேன். பை வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் தாண்டியும் வராவிட்டால் தொலைந்ததாகவே வைத்து நட்டஈடு கேட்கலாம். உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர், அதாவது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அது உச்சம்தான், அவ்வளவும் தருவார்கள் என்று நினைக்க வேண்டாம்.

எங்களுக்கு மாத்திரைக்கும் சேலைக்கும் காசு வந்தது. பில் இல்லாமல் வாங்கிய செருப்புக்குத் தரவில்லை.