5.30 மணிக்கு அசந்துபோகும் குழந்தை

"மகளுக்கு 8 மாதம். காலை 7க்கு எழுகிறாள். 9.45 முதல் 11 வரை ஒரு தூக்கம். மதியம் 1.15க்குப் போட்டால் 1.50க்கே விழித்துவிடுகிறாள். அப்புறம் 5.30க்குத் தோளிலேயே அசந்துபோய் 7 மணி வரை தூக்கம். இரவு பத்தரைக்கு முன் கண் மூடுவதில்லை. எழுப்பவும் மனசு வரவில்லை. என்ன செய்வது?"

சிக்கல் தொடங்குவது மதியம் 1.50க்கு. விழித்திருக்கும் நேரம் ஏற ஏற உடம்பில் தூக்கத்தின் தேவை சேர்ந்துகொண்டே போகும். இந்த வயதில் பல குழந்தைகள் ஏறக்குறைய 3 மணி நேரம் தாங்கும். உங்கள் மகள் 3 மணி 40 நிமிடம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தோளில் சாய்கிறாள். ஒன்றரை மணி நேரம் தூங்கியதும் சேர்ந்திருந்த தேவை பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. 7 மணிக்கு எழுந்தவளுக்கு மறுபடி தூக்கம் வர 10 மணி தாண்டத்தான் செய்யும். அதைப் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம்.

ஆகவே முதலில் மதியத் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். 11க்கு எழுந்தவளை 1.15க்கே படுக்க வைக்கிறீர்கள். தூக்கத்தின் தேவை முழுதாகச் சேராமலே படுப்பதால் ஒரு தூக்கச் சுற்று முடிந்ததும் விழிப்பு வந்துவிடுகிறது. தினம் 15 நிமிடம் தள்ளி, மூன்று நாளில் 2 மணிக்குக் கொண்டுவாருங்கள். 25ஆவது நிமிடத்திலிருந்து பக்கத்திலேயே இருங்கள். முனகினாலோ புரண்டாலோ உடனே தூக்காதீர்கள். அறை இருட்டாகவே இருக்கட்டும், உள்ளங்கையை அவள் மார்பில் லேசாக வைத்துக் காத்திருங்கள். 3.30 வரை தூங்கிவிட்டால் 7 மணிக்கு இரவுப் படுக்கை. நடுவில் இன்னொரு தூக்கம் தேவைப்படாது.

எல்லா நாளும் இது பலிக்காது. 2.40க்கே எழுந்துவிட்டால் 4.30 வாக்கில் 20 நிமிடம் மட்டும் தூங்கவிட்டு, 5 மணிக்குள் எழுப்பிவிடுங்கள். விளக்கைப் போட்டு, திரையை விலக்கி, எடுத்து நிமிர்த்திப் பிடியுங்கள். கொஞ்சம் அழுவாள், அப்புறம் தெளிந்துவிடுவாள். 5 மணி தாண்டிவிட்டதா? அந்தத் தூக்கமே வேண்டாம், 6.15க்கு நேராக இரவுப் படுக்கைக்குப் போங்கள். அரை மணியில் தெளிவாக விழித்து விளையாடப் பார்த்தால், அதைக் குட்டித் தூக்கமாக எடுத்துக்கொண்டாள் என்று அர்த்தம். விளக்கைப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல் திரும்பத் தூங்க வையுங்கள்.

5 முதல் 6 வரைதான் கண்ணி வைத்த நேரம். அப்போது கார், தள்ளுவண்டி, ஊஞ்சல், மங்கலான அறையில் மடியில் படுக்க வைத்துப் பால், எதுவும் வேண்டாம். வெளிச்சத்தில் உட்கார்த்தி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக் கையை அளையவிடுங்கள். ஓரிடத்தையே வெறிக்க ஆரம்பித்தால் இடத்தை மாற்றுங்கள். காலையில் 7.30க்கு மேல் தூங்கவிடாதீர்கள். இரவில் தூங்கவில்லையே என்று 9 வரை விட்டால் அன்றைய நாள் முழுக்கத் தள்ளிப்போய், மாலையில் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

இதைப் படித்துவிட்டு உடனே நாளைத் திருத்தக் கூடாத ஒரு குழந்தை உண்டு: குறைமாதத்தில் பிறந்தது. உங்கள் மகள் 6 வாரம் முன்னதாகப் பிறந்திருந்தால், நாட்காட்டிக்கு 8 மாதம் என்றாலும் தூக்கத்தில் அவளுக்கு ஆறரை மாதம்தான். அந்த வயதில் மூன்றாவது தூக்கம் பெரும்பாலும் தேவை. அதைப் பிடுங்கினால் மாலை முழுக்க அழுகைதான். பிரசவம் ஆகியிருக்க வேண்டிய தேதியிலிருந்து மாதத்தை எண்ணுங்கள். 6 வாரமோ 10 வாரமோ, கணக்கு அங்கிருந்துதான். இதைப் பெற்றோரிடம் யாரும் சொல்வதே இல்லை என்பதில் எனக்குத் தீராத கோபம். பரிசோதனைக்குப் போனால் எடை, உயரம், ஊசி, ஐந்து நிமிடத்தில் அடுத்த ஆள். தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. காப்பகத்தில் விட்டால் "நன்றாகத் தூங்கினாள்" என்று ஒரு வரி எழுதித் தருகிறார்கள். எத்தனை மணிக்கு எழுந்தாள் என்பதல்லவா நமக்கு வேண்டும்? விடாமல் கேட்டு வாங்குங்கள்.

அந்த இடைவெளியில்தான் வியாபாரிகள் நுழைகிறார்கள். குழந்தையைப் பார்க்காமலே எல்லோருக்கும் ஒரே அட்டவணையை விற்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள். "நன்றாகத் தூங்கும்" என்று யாராவது சளி மருந்தையோ தூக்கத் துளிகளையோ நீட்டினால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அந்த மயக்கம் இந்த வயதில் மூச்சையே பாதிக்கலாம். பால் பாட்டிலில் தானிய மாவு கலப்பதும் தூக்கத்தை நீட்டாது, புரையேறும் ஆபத்துதான் மிஞ்சும்.

ஒரு வாரம் எழுந்த நேரங்களை மட்டும் குறித்து வையுங்கள். நடுவில் காய்ச்சல் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கேட்கும்போதெல்லாம் தூங்கவிடுங்கள்; எழுப்பியும் சரியாகக் கண் திறக்காமல் துவண்டு கிடந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.