லிட்டர் பாலுக்கு அடக்க விலை என்ன?

கேள்வி: காரிமங்கலம் பக்கம் இருக்கிறோம். நாலு கலப்பின மாடு. இப்போது மூன்று கறக்கிறது, ஒன்று வற்றிவிட்டது. தினம் 30 லிட்டர் வருகிறது. மாதம் பத்து மூட்டை தீவனம், மூட்டை 1,500 ரூபாய். கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு 17 ரூபாய்கூட ஆகவில்லை. சங்கத்தில் சராசரியாக 36 ரூபாய் கிடைக்கிறது. ஆனாலும் வருஷக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. எங்கே தப்பு?

பதில்: அம்மா, நீங்கள் கணக்குப் போட்ட நாள் நல்ல நாள். அடக்க விலையை ஒரு நாளை வைத்துப் பார்க்கக் கூடாது. ஒரு மாடு கன்று போட்டு, கறந்து, வற்றி, அடுத்த கன்று போடும் வரை பார்க்க வேண்டும். வற்றிய மாடு தின்பதற்கும் கறக்கிற மாட்டின் பால்தான் காசு தருகிறது.

உங்கள் மாடுகள் 14 மாதத்துக்கு ஒரு கன்று போடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதில் கறவை 300 நாள். கன்று குடித்தது போக நாளுக்குச் சராசரி 9 லிட்டர் என்றால், ஒரு மாட்டுக்கு 2,700 லிட்டர். அதை 12 மாதத்துக்குச் சுருக்கி நாலு மாட்டுக்குப் பெருக்கினால் வருஷத்துக்குச் சுமார் 9,250 லிட்டர். தினம் 25 லிட்டர்தான், 30 இல்லை. வீட்டுக்கு எடுக்கும் பாலும் இதில் அடக்கம்.

இனி செலவு. தீவனம் 1,80,000. வைக்கோல், ராகித் தாள் 30,000. சினை ஊசி, மருந்து, தாது உப்பு 12,000. கரண்ட், கயிறு போன்றவை 6,000. கடன் இருந்தால் வட்டி மட்டும், 12,000 என்று வையுங்கள். அசலை இங்கே சேர்க்காதீர்கள், அது கீழே தேய்மானமாக வருகிறது. ஆக 2,40,000, லிட்டருக்கு 26 ரூபாய். கையை விட்டுப் போன காசு மட்டுமே இவ்வளவு.

கையை விட்டுப் போகாததாகத் தெரியும் மூன்று செலவுகள் பாக்கி. வயலில் அறுக்கிற கோ-4 புல் சும்மா வரவில்லை. தினம் 80 கிலோ, கிலோ 2 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 58,400. அடுத்து தேய்மானம். 60,000 ரூபாய்க்கு வாங்கிய மாட்டை ஆறு வருஷம் கழித்து போச்சம்பள்ளி சந்தையில் 18,000 ரூபாய்க்குத் தள்ளினால் வருஷத்துக்கு 7,000 தேய்கிறது. நாலு மாட்டுக்கு 28,000, கொட்டகைக்கு 5,000. மூன்றாவது உங்கள் இருவரின் உழைப்பு. தினம் சேர்த்து ஐந்து மணி நேரம், மணிக்கு 50 ரூபாய் என்றால் 91,250.

எல்லாம் கூட்டி, சாணம், கன்று விற்ற வரவு 22,000 ரூபாயைக் கழித்தால் 4,00,650. லிட்டருக்கு 43 ரூபாய். உங்களுக்குக் கிடைப்பதோ 36.

நஷ்டம் என்று பயப்பட வேண்டாம், உழைப்புக் கூலியை எடுத்துவிட்டுப் பாருங்கள். அடக்கம் சுமார் 33 ரூபாய் 50 காசு. வருஷத்துக்கு 23,600 ரூபாய் மிஞ்சுகிறது. அதாவது உங்கள் ஒரு மணி நேர உழைப்புக்கு மாடு கொடுப்பது 13 ரூபாய். எனக்கு இந்தக் கணக்கில் மனசை உறுத்துவது இதுதான். விடியற்காலை நாலரைக்கு எழுந்து சாணி அள்ளுபவர்களுக்கு இது போதாது.

இதை ஏற்ற நான் முதலில் தொடச் சொல்வது தீவனத்தை இல்லை, அந்த 14 மாதத்தை. 13 ஆகக் குறைத்தால் அதே நாலு மாட்டில் வருஷத்துக்கு 700 லிட்டர் கூடும். கூடுதலாகக் கறக்கும் நாட்களுக்குத் தீவனம் 7,000 ரூபாய் அளவுக்குத்தான் ஏறும். மிச்சம் 18,000 ரூபாய்க்கு மேல். மணிக் கூலி 13 ரூபாயிலிருந்து 23 ரூபாய் ஆகும்.

மாதம் எங்கே தொலைகிறது என்றால், பருவம் கவனிக்காமல் விடுவதில். ஒருமுறை தவறினால் அடுத்தது 21 நாள் கழித்துத்தான். கன்று போட்ட 60-ஆம் நாளிலிருந்து விடியலிலும் இரவு படுக்கும் முன்னும் மாட்டைப் பாருங்கள். கத்தும், பால் குறையும், கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கும். மற்ற மாடு மேலே ஏறினால் அசையாமல் நிற்கும். காலையில் இது தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். மூன்று ஊசிக்கும் சினை நிற்காவிட்டால் நாலாவது போடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் சினைப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சினை என்று நம்பிக் காத்திருந்து ஏமாறுவதில்தான் அதிக நாள் போகிறது.

அப்புறம், மாட்டுக்கு ஒரு பக்கமாக நோட்டில் எழுதுங்கள்: கன்று போட்ட தேதி, ஊசி தேதி, வாரம் ஒரு நாள் தனித்தனியாக அளந்த பால். ஆறு லிட்டர் மாடும் பன்னிரண்டு லிட்டர் மாடும் ஒரே அளவு தீவனம் தின்கிறதா என்று அதிலேயே தெரியும். உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதன்மேல் இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ என்பது போதுமான அளவு. நான் வைத்த எண்களில் உங்கள் வீட்டு எண் எது மாறுகிறதோ அதை மாற்றிப் போட்டுப் பாருங்கள். முக்கியமாக அந்த 14.