நான்கு யூபிஎஸ், இரண்டு பக்கம்: N+1, 2N கேள்வி பதில்

கேள்வி: 800 கிலோவாட் சுமைக்கு 400 கிலோவாட் யூபிஎஸ் இரண்டு போதும், அதுதான் N. மூன்று போட்டால் N+1. நான்கு போட்டு இரண்டு பக்கமாகப் பிரித்தால் 2N. ஒரு யூபிஎஸ் கூடுதலாக இருப்பதால்தானே 2N பத்திரம், சார்?

கூடுதல் யூபிஎஸ்ஸுக்கு அதில் பங்கு ரொம்பக் குறைவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். தேவைப்படும் நேரத்தில் ஒரு யூபிஎஸ் படுத்திருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு என்றும், அவற்றை இணைக்கும் வெளியீட்டு பஸ்பார் போவதற்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்றும் வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள், எந்த ஆய்வின் முடிவும் அல்ல.

மூன்று யூபிஎஸ் ஒரே பஸ்பாரில் இருந்தால், எந்த இரண்டு சேர்ந்து படுத்தாலும் சுமை விழும். அதற்கான வாய்ப்பு பத்து லட்சத்தில் சுமார் 300. பஸ்பார் போனால் யூபிஎஸ் எத்தனை நல்லபடியாக இருந்தும் பயனில்லை. அது பத்து லட்சத்தில் 1,000. மொத்தம் 1,300.

இப்போது நான்காவதை வாங்கி அதே பஸ்பாரில் மாட்டுங்கள். இனி மூன்று சேர்ந்து படுத்தால்தான் பிரச்சினை, ஆகவே 300 என்பது 4 ஆகிவிடும். ஆனால் மொத்தம் 1,004. காசைக் கொட்டிவிட்டோம், ஆயிரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அதே நான்கையும் இரண்டு இரண்டாகப் பிரித்து, ஏ, பி என்று தனித்தனி பஸ்பார் கொடுத்துப் பாருங்கள். ஒரு பக்க பஸ்பார் போய், அதே சமயம் எதிர்ப்பக்கத்தில் ஒரு யூபிஎஸ்ஸும் படுத்தால்தான் சுமை விழும்: பத்து லட்சத்தில் 40. இரண்டு பஸ்பாரும் போவது 1, மூன்று யூபிஎஸ் போவது 4. மொத்தம் 45. வாங்கிய யூபிஎஸ் அதே நான்குதான். 1,004-ஐ 45 ஆக்கியது அடுக்கிய விதம்.

கேள்வி: 2N என்றால் டேட்டாவும் இரண்டு இடத்தில் காப்பி ஆகிவிடுமா?

ஆகாது. இது மின்சாரம் வரும் பாதையைப் பற்றிய பேச்சு. பாதை இரண்டாக இருந்தாலும் வட்டில் இருப்பது ஒரே காப்பிதான்.

கேள்வி: எங்களுடையது 2N. இரு பக்கமும் சுமையைப் பகிர்வதால் ஓவர்லோடு என்ற பேச்சுக்கே இடமில்லை. ரேக்கில் ஏ பவர் ஸ்ட்ரிப் 24 ஆம்பியர், பி ஸ்ட்ரிப் 23 ஆம்பியர் காட்டுகிறது. இரண்டுமே 32 ஆம்பியர் ஸ்ட்ரிப். நிம்மதியாக இருக்கலாம்தானே?

பகிர்கிறது என்றது சரி. நிம்மதி என்றதுதான் இடிக்கிறது. மீட்டரில் இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் படித்திருக்கிறீர்கள். கூட்டினால் 47. ஏ போன நொடியில் பி ஸ்ட்ரிப் சுமக்கப்போவது அந்த 47 ஆம்பியரை.

அதன்பின் நடப்பதுதான் பலரை ஏமாற்றும். சர்வரின் பவர் சப்ளை இரண்டும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால், ஏ போனதும் ஒரு சர்வர்கூட அசையாது. பிரேக்கரும் உடனே விழாது, ஏனென்றால் சி வகை எம்சிபியின் காந்தப் பகுதி வேலை செய்ய 5 முதல் 10 மடங்கு மின்னோட்டம் வேண்டும். உங்களுடையது ஒன்றரை மடங்குகூட இல்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தகடுதான் மெல்லச் சூடாகி வளையும். ஐஈசி தரப்படி 1.45 மடங்குக்கு, அதாவது 46.4 ஆம்பியருக்கு, ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். ரேக்கின் பின்புறச் சூட்டில் அதற்கு முன்பே விழும்.

ஆக ஏ போய், எல்லாம் தாக்குப்பிடித்துவிட்டது என்று எல்லோரும் மூச்சுவிட்ட பிறகு, பல நிமிடம் கழித்து ரேக் மொத்தமாக அணையும். பதிவேட்டில் சம்பந்தமில்லாத இரண்டு கோளாறுபோலத் தெரியும். நான் எச்சரிக்கை மணியைத் தனி எண்ணுக்கு வைப்பதில்லை, கூட்டுத்தொகைக்குத்தான் வைப்பேன். 32-இன் 80 விழுக்காடான 25.6 ஆம்பியரைத் தாண்டினால் மணி அடிக்கட்டும். மூன்று ஃபேஸ் ஸ்ட்ரிப் என்றால் ஃபேஸ் வாரியாகக் கூட்டுங்கள். இதே கூட்டலை மேலே பேனலிலும் யூபிஎஸ்ஸிலும் செய்ய வேண்டும்.

கேள்வி: அண்ணா, எங்களுடையது சின்ன சர்வர் ரூம். இரண்டு யூபிஎஸ், ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு பவர் சப்ளை. பேட்டரி மாற்ற ஒரு யூபிஎஸ்ஸை அணைத்ததும் மூன்று சர்வர் போய்விட்டன. சுமை பாதிகூட இல்லை. பவர் சப்ளை பழுதாக இருக்குமா?

இருக்கலாம் தம்பி, ஆனால் முதலில் ஒயரைப் பாருங்கள். அந்த மூன்றிலும் இரண்டு ஒயரும் ஒரே ஸ்ட்ரிப்பில் செருகியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. எல்லாம் கறுப்பு ஒயர், ரேக்கின் பின்னால் இருட்டு. அவசரத்தில் செருகியவர் கைக்கு எட்டிய துளையில் செருகியிருப்பார். இது எந்த மீட்டரிலும் தெரியாது.

வேலை நிறுத்த நேரம் கேட்டு வாங்கி, ஒரு ரேக்கின் ஏ பிரேக்கரை மட்டும் இறக்குங்கள். பிறகு ஒவ்வொரு சர்வரிலும் இதைக் கேளுங்கள்:

```
ipmitool sdr type "Power Supply"
```

ஒழுங்காகச் செருகிய சர்வர் ஒரு பவர் சப்ளைக்கு உள்ளீடு இல்லை என்று புகார் சொல்லும். இரண்டுமே சரி என்று சொல்லும் சர்வர்தான் ஆபத்தானது. அதன் இரண்டு ஒயரும் பி-யில் இருக்கின்றன. பி-யை இறக்கும் நாளில் அது போகும். இந்தச் சோதனையின்போதே அணைந்துபோவது இரண்டும் ஏ-யில் இருப்பது, அல்லது நிஜமாகவே பி பக்க பவர் சப்ளை செத்தது. முடித்ததும் ஏ-க்கு ஒரு நிறம், பி-க்கு வேறு நிறம் என்று ஒயரை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: டேட்டா சென்டருக்கான டயர் IV சான்றிதழுக்கு 2N கட்டாயமா?

இல்லை. எந்த ஒரு கோளாறுக்குப் பிறகும் N மிஞ்ச வேண்டும் என்பதுதான் அந்தச் சான்றிதழைத் தரும் அப்டைம் இன்ஸ்டிட்யூட்டின் கேள்வி. 2N அதற்கு எளிய விடை, ஒரே விடை அல்ல. மூன்று பக்கம் வைத்து ஒவ்வொன்றையும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாமல் ஓட்டுபவர்களும் உண்டு.

கேள்வி: முதல் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. ஏ-யும் பி-யும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை என்று வைத்துப் பெருக்கியிருக்கிறீர்கள். இரண்டிலும் ஒரே ஃபர்ம்வேர், ஒரே டீசல் தொட்டி, ஒரே ஆபரேட்டர். அந்த 45-ஐ எப்படி நம்புவது?

நீங்கள் சொல்வது சரி, அந்த 45 காகிதத்தில் மட்டும்தான். இரு பக்கத்தையும் சேர்த்து வீழ்த்தும் ஒரே ஒரு காரணத்துக்குப் பத்து லட்சத்தில் 100 வாய்ப்பு என்று சேர்த்தால், 45 என்பது 145 ஆகும். அதற்குமேல் யூபிஎஸ்ஸை எவ்வளவு மெருகேற்றினாலும் 100-க்குக் கீழே போகாது.

நானே ஓரிடத்தில் பார்த்தேன். யூபிஎஸ், பஸ்பார், பேட்டரி அறை எல்லாம் இரட்டை. அவசர நிறுத்தப் பொத்தானும் கதவுக்கு ஒன்றாக இரண்டு. ஆனால் இரண்டு பொத்தானின் ஒயரும் ஒரே ரிலேக்குப் போனது. ஒருநாள் அந்த ரிலேயின் காயில் பழுதாகி, யாரும் பொத்தானைத் தொடாமலே இரு பக்கமும் ஒன்றாக விழுந்தன. அதற்கப்புறம் எந்த ஒற்றைக்கோட்டுப் படத்தையும் நான் தனியாக நம்புவதில்லை. கட்டுப்பாட்டு ஒயரிங் படத்தையும் கேட்டு வாங்கி, ஏ-க்கும் பி-க்கும் பொதுவான ரிலே, பொதுவான டிசி சப்ளை உண்டா என்று விரல்வைத்துத் தேடுகிறேன்.

கேள்வி: அப்படியானால் ஏ-க்கு ஒரு கம்பெனி, பி-க்கு வேறு கம்பெனி யூபிஎஸ் போட்டால் தீர்ந்ததே?

ஃபர்ம்வேர் பிழை இரு பக்கமும் சேர்ந்து வராது, அது நிஜம். ஆனால் பைபாஸுக்கு மாற்றும் வரிசை இரண்டிலும் வேறுவேறாக இருக்கும். நடுராத்திரியில் ஏ-யின் வரிசையை பி-யில் செய்துவிட்டால் வேறொரு வழியில் மாட்டிக்கொள்வோம். நான் இதுவரை ஒரே கம்பெனியாக வாங்கி, ஃபர்ம்வேரை மட்டும் இரு பக்கத்துக்கும் சில வாரம் இடைவெளி விட்டு ஏற்றிவருகிறேன். கூட வேலை பார்த்த ஒருவர் இதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.