முதலிடத்தில் இருக்கும் படம் ஏன் முப்பது நிமிடத்தில் சலிக்கிறது?

கேள்வி: வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டு முடித்ததும் நானும் கணவரும் நெட்ஃபிளிக்ஸைத் திறப்போம். "#1 in Movies Today" என்று சிவப்பாகப் போட்டிருக்கும் படத்தைத்தான் போடுவோம். பாதி தடவை அரை மணி நேரத்திலேயே அணைத்துவிடுகிறோம். இவ்வளவு பேர் பார்க்கும் படம் எப்படி இப்படி இருக்கிறது? காசு வாங்கிக்கொண்டு முதலிடத்தில் வைக்கிறார்களா? எதை நம்பிப் படம் தேர்ந்தெடுப்பது? — ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்த முதலிடம் பொய்யில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் அணைத்த உங்கள் வீடும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

அந்தப் பட்டியலை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை நெட்ஃபிளிக்ஸே சொல்லியிருக்கிறது. விதி காலத்துக்குக் காலம் மாறியும் இருக்கிறது. முன்பு ஒரு படத்தில் 70 சதவீதம் ஓடினால்தான் ஒருவர் பார்த்ததாகக் கணக்கு. 2020 தொடக்கத்தில் அதை 2 நிமிடம் என்று குறைத்தார்கள். தெரிந்தே ஒரு படத்தைப் போட்டு 2 நிமிடம் ஓடவிட்டால் போதும். புதிய முறையில் எண்கள் சராசரியாக 35 சதவீதம் கூடுதலாக வருகின்றன என்று பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். 2021 நவம்பரில் அதையும் விட்டுவிட்டு, மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று வாராவாரம் வெளியிட ஆரம்பித்தார்கள். அதில் நீளமான படத்துக்கும் பத்து எபிசோடு தொடருக்கும் இயல்பாகவே அனுகூலம் இருந்தது. அதனால் 2023 ஜூனிலிருந்து மொத்த மணி நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்து, வரும் எண்ணை "Views" என்கிறார்கள்.

இந்த வகுத்தலில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. 2 மணி நேரப் படம் ஒன்றை 25 லட்சம் வீடுகளில் கடைசிவரை பார்க்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 50 லட்சம் மணி நேரம், 2-ஆல் வகுத்தால் 25 லட்சம் Views. இன்னொரு 2 மணி நேரப் படத்தை 1 கோடி வீடுகளில் போட்டு, எல்லோரும் அரை மணி நேரத்தில் அணைத்துவிடுகிறார்கள். அதுவும் 50 லட்சம் மணி நேரம், அதே 25 லட்சம் Views. பட்டியலில் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும். ஒன்று பிடித்த படம், இன்னொன்று பிடிக்காத படம். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

நம் ஊர் நிலவரம் இதற்கு இன்னும் தோதானது. பெரிய நடிகரின் தமிழ்ப் படம் பெரும்பாலும் தியேட்டருக்கு வந்து நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகிறது. தியேட்டரில் நன்றாக ஓடிய படத்தை ஒரு பெரிய கூட்டம் ஏற்கெனவே பார்த்திருக்கும். ஓடாத படத்தைத்தான் "அப்படி என்னதான் எடுத்திருக்கிறார்கள், காசா பணமா, வீட்டிலேயே பார்ப்போம்" என்று எல்லோரும் போட்டுப் பார்ப்பார்கள். பெட்டிக்குள் போன படம் முதல் வாரம் முதலிடத்துக்கு வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அது தியேட்டருக்குப் போகாதவர்களின் ஆர்வத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

சரி, தரத்தைப் பற்றி எதுவுமே தெரியாதா என்றால், கொஞ்சம் தெரியும். அதற்கு இரண்டாவது வாரத்தையும் மூன்றாவது வாரத்தையும் பார்க்க வேண்டும். விநியோக அலுவலகத்தில் கணக்கெழுதிய காலத்தில் நாங்கள் வெள்ளி, சனி, ஞாயிறு வசூலைப் பார்த்துப் பெரிதாக மகிழ மாட்டோம். போஸ்டருக்கும் ரசிகர்களுக்கும் வரும் கூட்டம் அது. திங்கட்கிழமை மதியக் காட்சிக்கு எத்தனை டிக்கெட் என்று தியேட்டருக்குப் போன் போட்டுக் கேட்போம். அந்தக் கூட்டம், பார்த்தவர்கள் சொல்லி வருவது. ஓடிடியிலும் அதே விஷயத்தைப் பார்க்கலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

டிவியில் தெரியும் Top 10 வரிசை தினமும் மாறுவது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நெட்ஃபிளிக்ஸின் வாரப் பட்டியல் www.netflix.com/tudum/top10 என்ற பக்கத்தில் இருக்கிறது. கணக்கு இல்லாதவர்களும் பார்க்கலாம். திங்கள் முதல் ஞாயிறு வரையிலான கணக்கை அடுத்த செவ்வாய்க்கிழமை போடுகிறார்கள். உலக அளவில் நான்கு பட்டியல்கள்: ஆங்கிலப் படம், ஆங்கிலத் தொடர், பிற மொழிப் படம், பிற மொழித் தொடர். இவற்றில் எண்கள் உண்டு. இந்தியாவுக்கென்று தனிப் பட்டியலும் உண்டு. அதில் எண் கிடையாது. இடமும், எத்தனை வாரமாகப் பட்டியலில் இருக்கிறது என்பதும் மட்டும் இருக்கும்.

இதில் எல்லோரும் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்துக்கு முதல் வாரக் கணக்கில் 3 நாள்தான் கிடைக்கும். இரண்டாவது வாரத்தில் 7 நாள். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். முதல் படம் முதல் வாரம் 30 லட்சம் Views, இரண்டாம் வாரம் 28 லட்சம், மூன்றாம் வாரம் 7 லட்சம். இரண்டாவது படம் 12 லட்சம், 28 லட்சம், 21 லட்சம். இரண்டாம் வாரத்தின் முடிவில் பட்டியலைப் பார்ப்பவர், "30-லிருந்து 28-தானே குறைந்திருக்கிறது, முதல் படம் நன்றாக நிற்கிறது" என்று நினைப்பார். நாளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். முதல் படம் நாளுக்கு 10 லட்சத்திலிருந்து 4 லட்சத்துக்கு விழுந்திருக்கிறது, அடுத்த வாரம் 1 லட்சம். பார்த்தவர்கள் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டாவது படம் நாளுக்கு 4 லட்சம், மறுபடி 4 லட்சம், பிறகு 3 லட்சம். வார நாட்களும் சேர்ந்த ஏழு நாளில் சராசரி குறையாமல் நிற்பது என்றால், ஒருவர் சொல்லி இன்னொருவர் பார்க்கிறார் என்று அர்த்தம். முதல் வாரம் மட்டும் பார்த்திருந்தால் நீங்கள் முதல் படத்தைத்தான் போட்டிருப்பீர்கள்.

விஜய் சேதுபதியின் 'மகாராஜா' இந்த இரண்டாவது வகை. 2024 ஜூன் 14 தியேட்டரில், ஜூலை 12 நெட்ஃபிளிக்ஸில், இரண்டுமே வெள்ளிக்கிழமை. தமிழ் தெரியாதவர்களும் பார்த்து, பல வாரங்கள் உலக அளவிலான பிற மொழிப் படப் பட்டியலில் இருந்தது. அதை யாரும் ஆர்வக்கோளாறு என்று சொல்ல முடியாது.

இந்தியப் பட்டியலில் எண் இல்லாததால் இடத்தின் போக்கைப் பாருங்கள். 1, பிறகு 5, பிறகு காணோம் என்றால் முதல் வகை. 5, 2, 3, 6 என்று போனால் இரண்டாவது வகை. மூன்றாவது வாரத்திலும் இருக்கும் படத்தைத் துணிந்து போடலாம். இதற்கும் விதிவிலக்கு உண்டு. குழந்தைகளின் கார்ட்டூன் படங்கள் வாரக்கணக்கில் நிற்கும், ஏனென்றால் ஒரே வீட்டில் அதையே பத்து தடவை ஓட்டுவார்கள். புதிதாக ஒன்றும் வராத வாரத்தில் சுமாரான படமும் தங்கிவிடும். சிறிய கூட்டத்துக்கான நல்ல படம் பத்துக்குள் வராமலே போகலாம். ஆக, பட்டியலில் நிற்பது ஒரு நல்ல அறிகுறி. பட்டியலில் இல்லாதது எதற்கும் அறிகுறி இல்லை. தொடர்களில் இன்னொரு தடயம் இருக்கிறது. ஒவ்வொரு சீசனையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள். புது சீசன் வரும்போது பழைய முதல் சீசனும் பட்டியலுக்குள் வந்தால், புதியவர்கள் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். நான் மிகவும் நம்பும் அறிகுறி அது.

மற்ற வரிசைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். "Trending Now" என்பதைப் பலரும் ஊரே பார்க்கும் பட்டியல் என்று நினைக்கிறார்கள். அது உங்கள் ரசனையையும் கலந்து உங்களுக்காகத் தொகுத்தது. கணவரின் புரொஃபைலில் வேறு படங்கள் இருக்கும். எந்த வரிசை மேலே, வரிசைக்குள் எந்தப் படம் இடதுபக்கம் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். படத்தின் முகப்பு ஓவியமே மாறும். 'குட் வில் ஹன்டிங்' படத்தைக் காதல் படம் பார்ப்பவருக்குக் காதலர்களின் படத்தோடும், நகைச்சுவை பார்ப்பவருக்கு ராபின் வில்லியம்ஸ் முகத்தோடும் காட்டலாம் என்று நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்களே 2017-ல் எழுதியிருக்கிறார்கள். சோகப் படத்தின் முகப்பில் காமெடி நடிகர் சிரித்துக்கொண்டிருந்தால் ஏமாற வேண்டாம்.

காசு வாங்குகிறார்களா என்று கேட்டீர்கள். அந்தச் சந்தேகத்தை Top 10 மேல் வைப்பதைவிட, டிவியைப் போட்டதும் நெட்ஃபிளிக்ஸுக்குள் போகும் முன்பே வரும் பக்கத்தின் மேல் வையுங்கள். உதாரணமாக ஃபயர் டிவியின் முகப்பில் ஓடும் பெரிய பேனர் விளம்பரத்துக்காக விற்கப்படும் இடம். ஓரத்தில் பொடி எழுத்தில் "Sponsored" என்று இருக்கும். செயலிக்குள் தானாக ஓடும் பெரிய டிரெய்லர் வேறு. அது கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் எடுத்து வைத்திருக்கும் புடவை மாதிரி. விற்க நினைக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

கடைசியாக உங்கள் வீட்டில் செய்ய வேண்டிய ஒரு வேலை. அரை மணி நேரத்தில் அணைத்த படங்கள் எல்லாம் உங்கள் கணக்கில் பார்த்த படங்களாகவே பதிவாகியிருக்கும். அவற்றைப் போன்றவைதான் "Because you watched" என்று வந்து நிற்கும். பிரவுசரில் உங்கள் கணக்குக்குள் போய், உங்கள் புரொஃபைலின் "Viewing activity" பக்கத்தைத் திறந்து, பிடிக்காத படங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மறைக்கும் குறியை அழுத்துங்கள். மறைத்த படத்தை வைத்துப் பரிந்துரை செய்ய மாட்டார்கள். எல்லாக் கருவிகளிலும் மாற்றம் தெரிய ஒரு நாள் ஆகலாம், அதனால் வியாழக்கிழமையே செய்துவிடுங்கள்.